ஓஸில் ஓட்டை இருந்தால் கார் பாஸாகிவிடும்

"காருக்குப் புகைச் சான்றிதழ் வாங்கப் போயிருந்தேன். ஓபரேட்டர் சைலன்சருக்குள் விடும் கம்பியின் முனையில் ஒரு ரப்பர் மூடியை மாட்டி, ஒரு பொத்தானை அழுத்திவிட்டு சும்மா காத்திருந்தார். போன முறை வேறு மையத்தில் இதையெல்லாம் செய்யவில்லை. அந்த மூடி எதற்கு? அவசியமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

அவசியம்தான். ஏன் என்று சொல்ல ஒரு கணக்குப் போட்டால் போதும்.

மெஷின் வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளே ஒரு சின்ன பம்ப் இருக்கிறது. அது சைலன்சருக்குள் விடும் கம்பியான புரோப், நீளமான ஓஸ், தண்ணீர் பிரிக்கும் கிண்ணம், ஃபில்டர் வழியாகப் புகையை உறிஞ்சி ஒரு சிறு குழாய் அறைக்குள் அனுப்பும். அறையின் ஒரு முனையில் அகச்சிவப்பு விளக்கு, மறுமுனையில் உணர்வி. கார்பன் மோனாக்சைடு, கார்பன் டைஆக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன் ஒவ்வொன்றும் அகச்சிவப்பில் தனக்கென்று ஓர் அலைநீளத்தை விழுங்கும். எவ்வளவு ஒளி குறைந்தது என்று பார்த்து, எவ்வளவு வாயு இருக்கிறது என்று மெஷின் சொல்கிறது. ஆக்சிஜனுக்கு மட்டும் பேட்டரி போன்ற ஒரு தனி மின்வேதி உணர்வி.

இப்போது கணக்கு. பி.எஸ். 3 மாசு விதிக்கு உட்பட்ட பெட்ரோல் கார் ஒன்று. அதற்குக் கார்பன் மோனாக்சைடு, அதாவது CO, வரம்பு 0.5 சதவீதம். ஹைட்ரோகார்பன், அதாவது HC, வரம்பு 750 பிபிஎம், பத்து லட்சத்தில் 750 பங்கு. அந்தக் காரின் உண்மையான புகையில் CO 0.6, HC 800, CO2 14.4, O2 0.3 என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலுமே ஃபெயில். ஓஸில் எங்கோ ஒரு கீறல். பம்ப் உறிஞ்சுவதில் ஐந்தில் ஒரு பங்கு அந்தக் கீறல் வழியாக வரும் வெளிக்காற்று. திரையில் என்ன வரும்? CO 0.48. HC 640. கார் பாஸ்!

வண்டியில் எதுவும் மாறவில்லை, ஓஸில் காற்று கலந்தது, அவ்வளவுதான். நல்ல எஞ்சினுக்கும் கிழிந்த ஓஸுக்கும் வித்தியாசம் CO, HC எண்களை மட்டும் பார்த்தால் தெரியவே தெரியாது.

"ஜீரோ செய்கிறார்கள், கேஸ் சிலிண்டர் வைத்து காலிபிரேஷன் செய்கிறார்கள், அதில் இந்த ஓட்டை மாட்டாதா?" என்று கேட்கலாம். மாட்டாது. எனக்கு இதில் மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். ஜீரோ என்பது மெஷினுக்குச் சுத்தமான காற்றைக் கொடுப்பது. ஓட்டை வழியாக வருவதும் காற்றுதான். காற்றோடு காற்று கலந்தால் எண் மாறாது. சரி, சிலிண்டர் கேஸ்? பெரும்பாலான மெஷின்களில் அதை உள்ளே விட பின்பக்கம் தனியாக ஒரு துளை இருக்கும். அது புரோப், ஓஸ் எதையும் தொடாமல் நேராக அளவிடும் அறைக்குப் போய்விடும். ஆக, இரண்டு சோதனையிலும் மெஷின் நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டு, ஓஸ் கிழிந்தபடியே கிடக்கும். அந்தப் பாதையைச் சோதிக்க எளிய வழி ரப்பர் மூடிதான்.

மூடியை மாட்டியதும் பம்ப் இழுக்க ஆரம்பிக்கும். முனை அடைபட்டிருப்பதால் ஓஸுக்குள் அழுத்தம் குறையும். பிறகு பம்ப் நிற்கும். உள்ளே இருக்கும் அழுத்த உணர்வி சில நொடிகள் கவனிக்கும். குறைந்த அழுத்தம் அப்படியே நின்றால் ஓட்டை இல்லை, மெல்ல ஏறிக்கொண்டே வந்தால் எங்கோ காற்று நுழைகிறது. உறிஞ்சுகுழாயின் அடியை விரலால் அடைத்து, வாயால் இழுத்து, நாக்கில் ஒட்டிப் பிடித்துப் பார்ப்போமே, அதே வேலை.

ஓட்டை உண்டு என்று மட்டும்தான் மெஷின் சொல்லும், எங்கே என்று சொல்லாது. பஞ்சர் கடையில் செய்வதுபோல் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பது இங்கே பலிக்காது. டியூபில் காற்று வெளியே வரும், குமிழி தெரியும். இங்கே காற்று உள்ளே போகிறது, சோப்புத் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். மெஷின் பக்கத்திலிருந்து ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றி, விரலால் அடைத்துச் சோதனையைத் திரும்ப ஓட்டுவதுதான் வழி. எந்தப் பகுதியைச் சேர்த்ததும் ஃபெயிலாகிறதோ, ஓட்டை அங்கே. பெரும்பாலும் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவிவிட்டுத் திரும்ப மாட்டும்போது கோணலாக உட்கார்ந்த ரப்பர் வளையமாக இருக்கும். அல்லது சூடான சைலன்சரில் பட்டு வெந்துபோன ஓஸ்.

அடுத்து ஜீரோ. விளக்கு நாளாக ஆக மங்கும், அறையின் கண்ணாடியில் மெல்லிய படலம் படியும், வெயில் ஏற ஏற எல்லாம் கொஞ்சம் நகரும். அதனால் "வாயு எதுவும் இல்லாதபோது இவ்வளவு ஒளி வரும்" என்பதை மெஷினுக்கு அடிக்கடி நினைவூட்ட வேண்டும். அதற்குக் கொடுக்கும் காற்றிலேயே ஹைட்ரோகார்பன் இருந்தால்? பல புகைச் சோதனை மையங்கள் பெட்ரோல் பங்க் வளாகத்துக்குள்தான் இருக்கின்றன. அந்தக் காற்றில் பெட்ரோல் ஆவி 80 பிபிஎம் இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் அதையே பூஜ்ஜியம் என்று எழுதிக்கொள்ளும். அடுத்து வரும் பி.எஸ். 4 காரில் 250 இருந்தால் 170 என்று காட்டும். அதற்கு வரம்பு 200.

இதைத் தடுக்கத்தான் ஜீரோ காற்று நுழையும் வழியில் கரி ஃபில்டர் வைத்திருக்கிறார்கள். கரியின் நுண்துளைகள் பெட்ரோல் ஆவியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது. ஓடும் வண்டியின் சைலன்சருக்குப் பக்கத்தில் மெஷினை வைத்து ஜீரோ செய்தால் கரி காப்பாற்றாது. கரிக்கும் ஆயுள் உண்டு, நிரம்பிவிட்டால் வெறும் அலங்காரம். தவறான ஜீரோவைக் கண்டுபிடிக்க எளிய வழி, நல்ல காற்றில் புரோப்பைப் பிடித்துப் பார்ப்பது. HC மைனஸில் போனால் ஜீரோ கெட்டுப்போயிருக்கிறது. மாறாக 20 பிபிஎம்முக்கு மேலேயே நின்றால், முந்தைய வண்டியின் எரியாத பெட்ரோல் ஓஸின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அது போகும்வரை காற்றை ஓட விட வேண்டும்.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன், ஸ்பான் கேஸ். ஜீரோ ஒரு புள்ளியைத்தான் பொருத்துகிறது. தராசு காலியாக இருக்கும்போது பூஜ்ஜியம் காட்டினால் போதுமா? தெரிந்த எடைக்கல்லை வைத்தும் பார்க்க வேண்டாமா? அந்த எடைக்கல்தான் ஸ்பான் கேஸ். அளந்து கலந்த வாயு, சான்றிதழோடு சிலிண்டரில் வரும். உதாரணமாக CO 3.5 சதவீதம், CO2 14 சதவீதம், புரோப்பேன் 2000 பிபிஎம், மிச்சம் நைட்ரஜன்.

புரோப்பேனா? திரையில் HC-யை ஹெக்சேன் கணக்கில் அல்லவா காட்டுகிறது? பெட்ரோலில் நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்கள் உண்டு. அவற்றுக்கெல்லாம் பிரதிநிதியாக ஆறு கார்பன் கொண்ட ஹெக்சேனை வைத்திருக்கிறார்கள், வரம்புகளும் அந்தக் கணக்கில்தான். அப்படியென்றால் சிலிண்டரிலும் ஹெக்சேனையே நிரப்ப வேண்டியதுதானே?

நிரப்பினால் அது வாயுவாக இருக்காது. ஹெக்சேன் சாதாரண வெப்பநிலையில் திரவம். 30 டிகிரியில் அதன் ஆவி அழுத்தம் சுமார் 0.25 பார்தான். அதற்கு மேல் ஆவி சேர்ந்தால் பனித்துளிபோல் திரவமாகிவிடும். நான்கு ஸ்ட்ரோக் பைக்குகளின் பழைய வரம்பான 4500 பிபிஎம் அளவுக்கு ஹெக்சேன் கலந்து, சிலிண்டரை 100 பாருக்கு நிரப்புகிறோம் என்று வையுங்கள். ஹெக்சேனின் பங்கு அழுத்தம் 0.45 பார். தாங்கும் அளவைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. பாதி ஹெக்சேன் சிலிண்டரின் அடியில் திரவமாகக் கிடக்கும். ஆரம்பத்தில் வரும் கேஸில் குறைவாகவும், சிலிண்டர் காலியாக ஆக அந்தத் திரவம் ஆவியாகி அதிகமாகவும் வரும். எடை மாறிக்கொண்டே இருக்கும் எடைக்கல்! புரோப்பேன் நம் வீட்டு எல்.பி.ஜி.யில் இருப்பதுதான். அதன் ஆவி அழுத்தம் பல பார், அதனால் இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் புரோப்பேன் ஹெக்சேன் இல்லையே. மெஷின் உண்மையில் பார்ப்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பிணைப்புகளை. அவை அதிர்வதால் சுமார் 3.4 மைக்ரோமீட்டர் அலைநீள ஒளியை விழுங்குகின்றன. புரோப்பேனில் அப்படி 8 பிணைப்புகள், ஹெக்சேனில் 14. எட்டைப் பதினான்கால் வகுத்தால் 0.57. கார்பனை எண்ணினால் மூன்றுக்கு ஆறு, 0.5. நிஜத்தில் 0.49 முதல் 0.54 வரை வருகிறது. மெஷினின் ஒளி ஃபில்டர் எந்த இடத்தில் எவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து இது மாறும். அதனால் ஒவ்வொரு மெஷினுக்கும் அதன் எண்ணை அளந்து, PEF, அதாவது புரோப்பேனை ஹெக்சேன் கணக்குக்கு மாற்றும் எண், என்று அதன் மேலேயே பொறித்திருப்பார்கள். மூலக்கூறின் பிணைப்பை எண்ணிப் பார்த்துப் போட்ட மனக்கணக்கு, பங்க் ஓரத்தில் நிற்கும் ஒரு பெட்டியின் ஸ்டிக்கர் எண்ணுக்கு இவ்வளவு அருகில் வந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.

PEF 0.52 என்றால், 2000 பிபிஎம் புரோப்பேனுக்குத் திரையில் 1040 வர வேண்டும். இது தெரியாதவர் "சிலிண்டரில் 2000 என்று இருக்கிறது, மெஷின் 1040 காட்டுகிறதே" என்று 2000க்கு ஏற்றிவிட்டால், அன்று முதல் எல்லா வண்டிக்கும் HC கிட்டத்தட்ட இரு மடங்காகத் தெரியும். 120 இருக்கும் நல்ல கார் 230 காட்டி ஃபெயிலாகும். எதிர்ப்பக்கமும் நடக்கும். சில மெஷின்கள் PEF-ஆல் தாங்களே பெருக்கிக்கொள்ளும், சிலிண்டர் எண்ணை அப்படியே கொடுத்தால் போதும். அதில் ஒருவர் தானும் பெருக்கி 1040 என்று கொடுத்தால், எண் பாதியாகிவிடும். 380 இருக்கும் கார் 198 என்று பாஸாகும்.

"டிஜிட்டல் மெஷின் பொய் சொல்லாது" என்ற நம்பிக்கை நம்மிடம் பலமாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. புது மெஷின் வாங்கச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கையாவது ஸ்பான் கேஸுக்கும், கரி ஃபில்டருக்கும், ஓபரேட்டரின் பயிற்சிக்கும் ஒதுக்க வேண்டும் என்பேன்.

கடைசியாக ஓட்டைக்கே திரும்புகிறேன். ரப்பர் மூடிச் சோதனை ஓஸை மட்டும்தான் பார்க்கும். காரின் சைலன்சரே துருப்பிடித்துப் பொத்தலாகியிருந்தாலும், புரோப்பை 30 சென்டிமீட்டர் உள்ளே விடாமல் வாயிலேயே தொங்கவிட்டாலும், அதே காற்று கலக்கும். அதைக் காட்டிக்கொடுப்பது CO2. நமது காரில் CO-வையும் CO2-வையும் கூட்டினால் 15 வந்தது. காற்று கலந்த பிறகு CO2 11.52, CO 0.48, கூட்டினால் 12தான். O2 மட்டும் 0.3லிருந்து 4.4க்கு ஏறிவிட்டது. நன்றாக எரியும் பெட்ரோல் எஞ்சினில் அந்தக் கூட்டுத்தொகை 15ஐ ஒட்டியே இருக்கும் என்பதால், 0.48ஐ 15ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் மறைந்திருந்த எண் திரும்பக் கிடைக்கும்: 0.6. அடுத்த முறை சான்றிதழ் வாங்கும்போது திரையில் CO2 எவ்வளவு என்று காட்டச் சொல்லிப் பாருங்கள். வினையூக்கி மாற்றி உள்ள பெட்ரோல் காரில் அது 12க்குக் கீழே இருந்து O2வும் நான்கைந்து காட்டினால், மூடியை மாட்டி மறுபடி ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள். அதிலும் ஓட்டை இல்லையென்றால், காருக்கு அடியில் குனிந்து சைலன்சரைப் பாருங்கள்.