பதில் தாமதமாக வருகிறது; அது தயக்கமா, பொரி வீசுவதா?

ஆலோசனை அறையில் என் எதிரே உட்காருகிறவர்கள் கைபேசியை நீட்டி முதலில் காட்டுவது நேரத்தைத்தான். "பாருங்க மேடம், ராத்திரி பத்தரைக்கு நான் போட்டேன். மறுநாள் சாயந்திரம்தான் பதில். இவருக்கு என்மேல ஈடுபாடு இல்லைதானே?" நேரத்தை மட்டும் வைத்து என்னால் எதுவும் சொல்ல முடிவதில்லை. சில சமயம் அது தப்பான ஆளைக் காட்டியும் கொடுத்துவிடுகிறது. அப்படி ஏமாற இருந்த ஒருவரின் கதை இது. அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

திருமங்கலத்தில் பள்ளி ஆசிரியை, வயது 31. திருமணத் தகவல் செயலி ஒன்றின் வழியாக ஒரே சமயத்தில் இரண்டு பேருடன் பேச்சு தொடங்கியிருந்தது. ஒருவர் மதுரை அண்ணா நகரில் இருப்பவர். காலை ஏழு மணிக்கு வணக்கம் வந்துவிடும். ஆசிரியை ஸ்டேட்டஸ் வைத்த ஐந்தாவது நிமிடம் இதயம் விழும். "உங்க கூட பேசினாத்தான் அந்த நாளே நல்லாப் போகுது" என்பார். இன்னொருவர் கோவையில் மோட்டார் பம்ப் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் எழுதுவார். இதயம், பூங்கொத்து எதுவும் கிடையாது. கோவைக்காரரை விட்டுவிடலாமா என்று கேட்கத்தான் ஆசிரியை வந்திருந்தார்.

ஆறு வாரத்து உரையாடலை ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். யார் எப்போது பதில் போட்டார் என்பதை எழுதவில்லை. இவர் கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததா, போன வாரம் சொன்ன விஷயம் இந்த வாரம் நினைவில் இருந்ததா, சந்திப்புப் பேச்சு எழுந்தபோது நாளோ இடமோ சொல்லப்பட்டதா என்று மூன்றை மட்டும் குறித்தோம்.

கோவைக்காரரின் பக்கத்தில் வரிகள் குறைவு. ஆனால் ஒவ்வொன்றும் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. "அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்னு சொன்னீங்களே, கட்டுப் பிரிச்சாச்சா?" என்று ஒன்பது நாள் கழித்துக் கேட்டிருந்தார். ஏற்கெனவே ஒரு நிச்சயம் நின்றுபோனதையும், அதனால் அவசரப்படப் பயமாக இருப்பதையும் நான்காவது வாரமே எழுதியிருந்தார். அண்ணா நகர்க்காரரின் பக்கம் நிரம்பி வழிந்தது. அதில் இவருடைய அம்மாவின் கண்ணைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. "ஒரு நாள் கண்டிப்பா மீட் பண்ணணும்" என்ற வரி மட்டும் ஏழு இடத்தில் இருந்தது. அந்த ஒரு நாள் எந்த நாள் என்று ஒரு இடத்திலும் இல்லை.

இதைத்தான் இப்போது பிரெட்கிரம்பிங் என்கிறார்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், கோயில் குளத்து மீனுக்குப் பொரி வீசுவது. பசி ஆறாது, மீன் படிக்கட்டை விட்டும் போகாது.

ஏன் போவதில்லை என்பதற்கு உளவியலில் பழைய விளக்கம் ஒன்று உண்டு. 1950-களில் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் சோதனைகள் செய்தார். கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்துப் பழகிய புறா, தீனி நின்றதும் சீக்கிரம் கொத்துவதை விட்டுவிட்டது. எத்தனையாவது கொத்துக்குத் தீனி விழும் என்று தெரியாமல் பழகிய புறாவோ, தீனி நின்ற பிறகும் வெகுநேரம் கொத்திக்கொண்டே இருந்தது. எப்போதாவது வரும் ஒரு கனிவான செய்திக்காகக் கைபேசியைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பவரை "உனக்கு மானம் ரோஷம் இல்லையா" என்று வீட்டில் திட்டுகிறார்கள். தயவுசெய்து திட்டாதீர்கள். அந்தப் பழக்கம் உருவாகும் விதமே அப்படி.

இன்னொன்றையும் தாளில் கண்டோம். நடுவில் அரையாண்டுத் தேர்வு வேலையில் ஆசிரியை பத்து நாள் அதிகம் பேசவில்லை. அப்போதுதான் அண்ணா நகரிலிருந்து மிக உருக்கமான செய்தி வந்திருக்கிறது: "என்னை மறந்துட்டீங்களா?" இவர் மனமிளகி "எப்ப பார்க்கலாம்?" என்று கேட்டதும் மூன்று நாள் மௌனம். விலகினால் நெருக்கம், நெருங்கினால் மௌனம். இந்த ஏற்ற இறக்கம் ஒருமுறை நடந்தால் தற்செயல் என்று விடலாம். ஆறு வாரத்தில் மூன்று முறை நடந்திருந்தது.

இருவருக்கும் ஒரே செய்தியை அனுப்பச் சொன்னேன். "வர்ற ஞாயிறு சாயந்திரம் அஞ்சு மணிக்கு வண்டியூர் தெப்பக்குளம் பக்கம் வர்றேன், தங்கச்சியும் கூட இருப்பா. அன்னைக்கு முடியலைன்னா உங்களுக்குத் தோதான நாளைச் சொல்லுங்க." நாள், நேரம், இடம், மாற்று நாளுக்கு வழி எல்லாம் அதில் இருக்கின்றன. மறுப்பது எளிது, மழுப்புவது கடினம்.

அண்ணா நகர்க்காரர் ஒரே நிமிடத்தில் "வாவ், சூப்பர்! பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார். சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை வழக்கம்போல வணக்கம் வந்தது. கோவைக்காரர் இரண்டு நாள் கழித்து எழுதினார்: "இந்த ஞாயிறு நைட் ஷிப்ட்டுங்க, முடியாது. அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமை அத்தை வீட்டுக்கு மதுரை வர்றேன். அதுக்கு முன்னாடி ஒருதடவை போன்ல பேசிக்கலாமா? எனக்குக் கொஞ்சம் கூச்சம்."

இரண்டுமே 'வரவில்லை' என்ற பதில்தான். ஆனால் தயங்குகிறவர் தன்னால் முடிந்த ஒன்றை எடுத்து வைக்கிறார். வேறு நாள், முதலில் ஒரு தொலைபேசி அழைப்பு, துணைக்கு ஒருவர் என்று ஏதோ ஒன்று. பொரி வீசுகிறவர் எதையும் மறுப்பதில்லை, எதையும் வைப்பதுமில்லை.

ஒருமுறை கேட்டு முடிவுக்கு வந்துவிட வேண்டாம். வீட்டில் சாவு, வேலைச் சிக்கல் என்று ஆயிரம் இருக்கும். இரண்டு மூன்று வாரம் விட்டு இன்னொரு நாளைச் சொல்லிப் பாருங்கள். பெண்கள் விஷயத்தில் இன்னும் பொறுமை வேண்டும். மேலூர் பக்கத்து இளைஞர் ஒருவர், ஒரு பெண் தன்னை அலைக்கழிப்பதாகக் குமுறினார். விசாரித்தால், அண்ணன் கைபேசியை வாங்கிப் பார்க்கும் வீடு அது. அவள் வியாழக்கிழமைதோறும் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் இருபது நிமிடம் தவறாமல் பேசியிருக்கிறாள். மாட்டுத்தாவணியில் இறங்கினால் யாராவது சொந்தக்காரர் பார்த்துவிடும் ஊர் இது. அந்த இருபது நிமிடம் அவளால் தர முடிந்ததன் முழு அளவு.

நேரில் வராமலே பணம் கேட்டால் மட்டும் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். அது மோசடி. பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

ஆசிரியை மூன்று வாரம் கழித்து அண்ணா நகர்க்காரரிடம் இரண்டாவது நாளைக் கேட்டார். "கொஞ்சம் பிஸிங்க, நீங்க ஒரு போட்டோ அனுப்புங்களேன்" என்று பதில். "நேரில் பார்க்கிற எண்ணம் இல்லைன்னா இத்தோட நிறுத்திக்குவோம்" என்று எழுதிவிட்டு அறிவிப்பை அணைத்துவிட்டார். பதினெட்டாம் நாள் மறுபடி "மறந்துட்டீங்களா?" வந்தது. அப்படி வரும் என்று முன்பே சொல்லி வைத்திருந்ததால் திறக்காமல் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். கை நடுங்கியது என்றார்.

கோவைக்காரர் சொன்ன சனிக்கிழமை வந்தார். தெப்பக்குளத்துப் படியில் தங்கை சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்க, ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்கள். ஒத்துப்போகுமா என்று ஆசிரியைக்கு இன்னும் தெரியவில்லை. பதில் இப்போதும் இரண்டு நாள் கழித்துத்தான் வருகிறது.