“தரையிலிருந்து 450” — எந்தத் தரை?

சின்ன வீடு. ஒரே தளம், 230 மி.மீ. சுமைதாங்கும் சுவர். குடிபோன மறு மழைக்காலத்திலேயே ஸ்கர்ட்டிங்குக்கு மேலே ஓர் அடி உயரத்துக்குப் பெயிண்ட் உப்பிக்கொண்டு வந்தது; விரலால் தேய்த்தால் வெள்ளை உப்பு. ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்கான டி.பி.சி. போட்டிருந்தார்கள். செக்‌ஷன் என்ற குறுக்குவெட்டு வரைபடம் நான் வரைந்ததுதான். “பிளின்த், தரையிலிருந்து 450” என்று, முடிந்த தளம் நிற்கவேண்டிய உயரத்தை மி.மீ.யில் எழுதியிருந்தேன். மேஸ்திரி அதைத்தான் செய்திருந்தார்.

அந்த மனையின் இயற்கைத் தரை சாலையைவிட 20 செ.மீ. பள்ளம். என் மனதிலிருந்தது சாலை. அவர் அளந்தது மனையின் மண். சாலையை ±0.00 என்று வைத்தால், முடிந்த தளம் +0.45-இல் வரவேண்டியது, +0.25-இல் நின்றுவிட்டது. பிறகு சுற்றிலும் மண் கொட்டி, +0.10-இல் நடைபாதைக் கல் பதித்தார்கள். டி.பி.சி.யின் அடி +0.16. நடைபாதைக்கும் அதற்கும் நடுவே வெறும் 6 செ.மீ.! குறைந்தது 15 செ.மீ. வேண்டும், இல்லாவிட்டால் தெறிக்கும் மழைநீரே அதைத் தாண்டிச் சுவரை நனைத்துவிடும். போதாக்குறைக்கு, வெளிப்பூச்சை டி.பி.சி.க்குக் கீழேவரை ஒரே இழுப்பாக இழுத்திருந்தார்கள். ஈரம் மேலே ஏற அதுவே பாலமாகிவிட்டது.

இப்போதெல்லாம் செக்‌ஷனில் நான் முதலில் போடுவது சுவரை அல்ல, ±0.00 கோட்டை. மாறாத ஒரு புள்ளியை, உதாரணமாகச் சாலையின் நடுவை, பெயர் சொல்லி எழுதுவேன். இதே வீட்டை மறுபடி வரைந்தால்: இயற்கைத் தரை −0.20, பள்ளத்தின் அடி −1.10. அங்கே 150 கனத்தில் பி.சி.சி., அதாவது கம்பியில்லாத கான்கிரீட்; அதன் அகலம், சுவர் கனத்தின் இரு மடங்கோடு பக்கத்துக்கு 150 சேர்த்து 760. அதன்மேல் 460, பிறகு 345 எனப் படி குறைந்து சுவருக்கு வரும். இந்த அகலம் வெறும் கைக்கணக்குதான், சரிபார்க்க வேண்டும். மீட்டருக்கு 4.5 டன் சுமை வந்தால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 6 டன். 10 டன் தாங்கும் மண்ணுக்குத் தாராளம். களிமண்ணில் இதை நம்பவே கூடாது.

மேலே, முடிந்த தளம் +0.45. டைலும் அதன் கலவையும் 30. தளக் கான்கிரீட் +0.32 முதல் +0.42 வரை. 40 மி.மீ. டி.பி.சி.யை +0.36 முதல் +0.40 வரை, அதாவது தளக் கான்கிரீட்டின் கனத்துக்குள்ளேயே காட்டுவேன். அதற்குக் கீழே இறக்கினால், உள்ளே நிரப்பிய ஈரமண் டி.பி.சி.க்கு மேலுள்ள சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும். வெளியே எவ்வளவு உயர்த்தினாலும் பயனில்லை.

டி.பி.சி. மட்டத்தில் வெளிப்பூச்சை வெட்டும் காடியையும் 1:20-இல் தெரியும்படி வரைகிறேன். நடைபாதையின் +0.10-ஐயும் எழுதிவிடுகிறேன். அதைப் போடுகிறவர் பெரும்பாலும் வேறு ஆள், வருவதும் கடைசியில்தான்.