காதில் இயர்பட், காதின்மேல் தலையணை, விடிய நாலரைக்கு அலாரம்

உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் வீடு இருந்தால், மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை இரவில் அமைதியாக நித்திரை கொள்வது கஷ்டம். சுற்றுலாக் காலம் என்பதால் விடுதிகளில் நடுச்சாமம் வரை பாட்டு, கரண்ட் போனால் ஜெனரேட்டர், அதெல்லாம் ஓய்ந்தால் நாய்கள். இதனால் இயர்பட் போட்டுக்கொண்டு படுப்பவர்கள் இங்கே நிறையப் பேர். அவர்களிடம் கேட்டால் இரண்டு முறைப்பாடுகள்தான் வரும்: சரிந்து படுத்தால் காது நோகிறது, விடிய அலாரம் கேட்பதில்லை. விலை கூடிய இயர்பட் வாங்கினால் இரண்டும் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். தீராது. முதலாவது அழுத்தத்தால் வருவது, இரண்டாவது சத்தம் எந்த வழியால் காதுக்கு வருகிறது என்பதால் வருவது.

முதலில் நோவைப் பார்ப்போம். வளர்ந்த ஒருவரின் தலை நாலரை கிலோ அளவில் இருக்கும். பக்கவாட்டில் படுக்கும்போது அந்தப் பாரம் கன்னம், காது, தலையோடு என்று கிட்டத்தட்ட 150 சதுர சென்டிமீட்டரில் பரவுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம்தான் வரும். இரத்த அழுத்தம் அளக்கிற அலகில் சொன்னால் 22 மி.மீ. பாதரசம். தோலில் இருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்கி அடைபட ஏறத்தாழ 30 மி.மீ. வேண்டும், ஆகவே வெறும் தலையணையில் காது தப்பித்துக்கொள்கிறது. இப்போது இயர்பட்டை வையுங்கள். அது காதிலிருந்து வெளியே துருத்திக்கொண்டு நின்றால், தலைப்பாரத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 450 கிராம், இரண்டு சதுர சென்டிமீட்டர் பிளாஸ்டிக்கின் மேல் இறங்கும். அது 165 மி.மீ.க்கு மேல். இது தோராயமான கணக்குத்தான், ஆனாலும் 22 எங்கே, 165 எங்கே. இரத்தம் போகாத இடம் ஒரு மணித்தியாலத்துக்குள் நோகத் தொடங்கிவிடும், நீங்களும் நித்திரையிலேயே புரண்டு படுப்பீர்கள்.

காதுமடலில் இது மோசமாகத் தெரிவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. காதுமடல் குருத்தெலும்பால் ஆனது. குருத்தெலும்புக்குச் சொந்தமாக இரத்தக் குழாய் கிடையாது, அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்துதான் அதற்குச் சாப்பாடு போகிறது. அந்தச் சவ்வைத் தினமும் இரவில் ஒரே இடத்தில் நசுக்கிக்கொண்டிருந்தால், காதின் விளிம்பிலோ உள்மேட்டிலோ தொட்டாலே குத்துகிற ஒரு சிறிய கட்டி வரலாம். ஒரே பக்கமாகவே படுத்துப் பழகியவர்களுக்கு இயர்பட் இல்லாமலே வருகிற வருத்தம் இது, இயர்பட் அதற்கு இன்னும் வழி செய்து கொடுக்கிறது. இன்னொரு நோவு உள்ளே வரும். காதுக் குழாய் இரண்டரை சென்டிமீட்டர் நீளம், வெளிப்புற மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு, மிச்சம் எலும்பு. எலும்புப் பகுதியின் மேல் இருக்கும் தோல் மிகவும் மெல்லியது. தலையணை இயர்பட்டைத் தள்ளும்போது ரப்பர் நுனி அந்த மெல்லிய தோலை நோக்கிப் போகும். காலையில் எழும்பும்போது காதுமடலைத் தொட்டால் நோகிறதா, இல்லை காதுக்கு உள்ளே நோகிறதா என்று கவனியுங்கள். மடல் என்றால் இயர்பட்டின் உடல் பெரிது, உள்ளே என்றால் நுனி பெரிது.

வாங்குவதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்கலாம். இயர்பட்டைக் காதில் போட்டுவிட்டு உங்கள் அடையாள அட்டையைக் காதின் மேல் தட்டையாகச் சாய்த்து வையுங்கள், ஒரு ஓரம் கன்னப் பக்கம் துவாரத்துக்கு முன்னால் இருக்கும் சிறு மேட்டிலும் மற்ற ஓரம் காதின் வெளி விளிம்பிலும் படும்படி. அட்டை இரண்டு பக்கமும் அமைதியாக உட்கார்ந்தால் நல்லது. நடுவில் இயர்பட் தட்டி அட்டை இப்படியும் அப்படியும் ஆடினால், அதோடு சரிந்து படுக்க முடியாது. கீழே காம்பு தொங்கும் வகைகள் இந்தச் சோதனையில் தேறினாலும் தாடையோரம் குத்தும். நித்திரைக்கென்றே வரும் சிறிய இயர்பட்கள் இந்த ஒரு விசயத்துக்காகத்தான் விலை: மின்கலத்தையும் ஸ்பீக்கரையும் காதுக் குழிக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கி, மேலே சிலிக்கோன் போர்த்தியிருப்பார்கள்.

கையில் இருப்பதை வைத்தே சமாளிக்க வேண்டும் என்றால் ஒரு சின்னத் துவாயைச் சுருட்டி வளையமாக்கித் தலையணை உறைக்குள் வையுங்கள். காது வளையத்தின் நடு ஓட்டையில் விழ வேண்டும், பாரம் கன்னத்துக்கும் பின்தலைக்கும் போய்விடும். புரண்டு படுத்தால் வளையம் இடம் மாறிவிடும் என்பது இதன் குறை. அப்புறம் ஒரு விசயம், இரைச்சலை மின்சாரத்தால் அழிக்கும் வசதி கீழ்க் காதில் பெரும்பாலும் பிரயோசனப்படாது. அது வெளியே இருக்கும் மைக்கால் சத்தத்தைக் கேட்டு எதிர் அலை அனுப்பும் ஏற்பாடு. மைக்கைத் தலையணை மூடிவிட்டால் உறை உரசுகிற சத்தம்தான் அதற்குக் கேட்கும், காதுக்குள் உறுமலோ கீச்சோ வரும். கீழ்க் காதைத் தலையணையே ஓரளவு அடைக்கிறது, ஆகவே மேல் காதுக்கு மட்டும் ஒன்று போட்டுப் பாருங்கள். பலருக்கு அதுவே போதும், நோவும் இல்லை.

சரி, அலாரம். என் சித்தியின் மகன் திமிங்கிலம் பார்க்கப் போகிற படகில் வேலை செய்கிறான். விடிய ஐந்தரைக்குக் கரையில் நிற்க வேண்டும், அதனால் நாலரைக்கு அலாரம் வைப்பான். பக்கத்து விடுதிச் சத்தத்துக்காக இரவு பத்து மணிக்கு மழைச் சத்தம் ஓடவிட்டு, இயர்பட் போட்டு, வலப் பக்கம் சரிந்து படுத்தான். இயர்பட் ஆறு மணித்தியாலம் தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. கணக்குப் பாருங்கள், நாலு மணிக்கு மின்கலம் முடிந்துவிட்டது. நாலரைக்குப் போன் இரண்டு மீட்டர் தள்ளி மேசையில் கிடந்து கத்தியது. அடுத்த அறையில் இருந்து சித்தி வந்துதான் உலுக்கினார்: “டேய், எழும்படா, உன்ர போன் ஊரையே எழுப்புது, நீ மட்டும் கிடக்கிறாய்!”

போனில் ஒரு பிழையும் இல்லை. இரண்டு மீட்டரில் அதன் சத்தம் 70 டெசிபெல் என்று வைப்போம். நல்லாகப் பொருந்திய ரப்பர் நுனி, மின்கலம் செத்தாலும் வெறும் அடைப்பானாக வேலை செய்துகொண்டேதான் இருக்கும். அதுவும் கீச்சென்ற உயர் சுருதிகளைத்தான் அது கூடுதலாக வெட்டும், 20, 25 டெசிபெல் வரை. போன் அலாரங்களில் பல அந்தச் சுருதியில்தான் இருக்கின்றன. செவிப்பறைக்குப் போய்ச் சேர்ந்தது 45, 50 டெசிபெல், பக்கத்தில் இருவர் மெல்லக் கதைக்கிற அளவு. இளவயதில் நித்திரை ஆழம், சில நாட்களாகத் தூக்கம் குறைந்திருந்தால் இன்னும் ஆழம். அந்தச் சத்தம் அவனை எழுப்பாததில் ஆச்சரியம் இல்லை.

இயர்பட் உயிரோடு இருந்திருந்தால் கதை வேறு. அண்ட்ரொய்ட் போன்களிலும் ஐபோனிலும் கடிகார அலாரம் பொதுவாகப் போன் ஸ்பீக்கரிலும் இணைந்திருக்கும் இயர்பட்டிலும் சேர்ந்தே ஒலிக்கும். காதுக் குழாய்க்குள் இருக்கும் ஸ்பீக்கருக்கு அடைப்பைக் கடக்க வேண்டிய தேவையே இல்லை, குறைந்த ஒலி போதும். ஆகவே முதல் வேலை மின்கலத்தை விடியும்வரை காப்பாற்றுவது. மழைச் சத்தத்துக்கு ஒரு மணித்தியால நேரக்கட்டுப்பாடு வையுங்கள், இரைச்சல் நீக்கியை நிறுத்துங்கள். ஆனால் சில இயர்பட்கள் சத்தம் எதுவும் வராவிட்டால் கொஞ்ச நேரத்தில் தாமே அணைந்துவிடும், அதைச் செயலியில் போய் மாற்ற முடியுமா என்று பாருங்கள். தொடு கட்டுப்பாட்டையும் அங்கேயே நிறுத்திவிடுங்கள், தலையணை பட்டாலே அது விரல் என்று நினைத்து ஓடுவதை நிறுத்தும். நித்திரைக்கென்று செய்யப்பட்ட சிலவற்றில் சத்தமும் அலாரமும் இயர்பட்டின் சொந்த நினைவகத்திலேயே இருக்கும், புளூடூத் அறுந்தாலும் ஒலிக்கும். உறுதியாக எழும்ப வேண்டியவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

எந்தச் சத்தத்தைத் தெரிவு செய்வது என்பதிலும் விசயம் இருக்கிறது. அவுஸ்திரேலிய உளவியலாளர் டோரதி புரூக்கும் அவருடன் வேலை செய்தவர்களும் தீ எச்சரிக்கை ஒலிகளை வைத்து, நித்திரையில் இருப்பவர்களை எது நன்றாக எழுப்புகிறது என்று சோதித்தார்கள். வழக்கமான 3000 ஹேர்ட்ஸ் அளவிலான கீச்சொலியை விட 520 ஹேர்ட்ஸ் சதுர அலை, அதாவது கரகரத்த, தாழ்ந்த ஒலி, நன்றாக எழுப்பியது. பிள்ளைகளுக்கும் காது கொஞ்சம் மந்தமானவர்களுக்கும் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. அடைப்பானும் தாழ்ந்த ஒலியைக் குறைவாகத்தான் வெட்டுகிறது. எனவே மெல்லிய மணியோசையை விட்டுவிட்டு, தடித்த குரலில் விட்டுவிட்டு அடிக்கும் ஒலியைத் தெரிவு செய்யுங்கள்.

இவ்வளவு செய்தும் காதை மட்டும் நம்ப வேண்டாம். கையில் கட்டும் மலிவான பட்டியிலோ கைக்கடிகாரத்திலோ அதிர்வு அலாரம் இருக்கும். அது காதையே கேட்காமல் தோல் வழியாக எழுப்புகிறது, பக்கத்தில் படுப்பவரையும் குழப்பாது. தம்பி இப்போது நாலு இருபத்தைந்துக்குப் பட்டி, நாலரைக்கு இயர்பட் என்று வைத்திருக்கிறான்.

முக்கியமான நாளுக்கு முன்தினம் பகலில் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு நிமிடம் தள்ளி அலாரம் வைத்து, இரவில் படுக்கிற மாதிரியே சரிந்து படுங்கள், பேன் ஓடட்டும். முதலில் இயர்பட் இணைந்த நிலையில். பிறகு இயர்பட்டை அணைத்துவிட்டு, ஆனால் காதில் இருந்து கழற்றாமல். இரண்டாவதில் விழித்திருக்கும்போதே சத்தம் மெலிதாகத்தான் கேட்டால், நித்திரையில் நிச்சயம் கேட்காது. போனைத் தலைமாட்டுக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள். தொந்தரவு செய்யாதே என்ற நிலையில் அலாரத்துக்கு அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள், அலாரத்தின் ஒலி அளவு பாட்டின் ஒலி அளவிலிருந்து வேறான ஒரு கோடு என்பதையும் கவனியுங்கள்.

வீட்டில் கைக்குழந்தையோ, இரவில் கூப்பிடக்கூடிய வயதானவரோ இருந்தால் இரண்டு காதையும் அடைக்க வேண்டாம், ஒன்று திறந்தே இருக்கட்டும். கரையோரத்தில் இருப்பவர்கள் இரவில் எச்சரிக்கைச் சங்கொலி வந்தால் கேட்க வேண்டியவர்கள், 2004 இங்கே யாருக்கும் மறக்கவில்லை.

இந்த ஊர்ச் சூட்டில் இன்னொரு சிக்கல் வியர்வை. அடைத்த காதுக்குள் ஈரம் தங்கினால் தோல் ஊறி மென்மையாகும், கிருமி இலகுவாகப் பிடிக்கும். நிலாவெளியில் கடலில் குளித்துவிட்டு அன்றிரவே இயர்பட் போடுகிறவர்களுக்கு இது சீக்கிரம் வரும். குளித்தால் காதைக் கவிழ்த்துத் தண்ணீரை வடியவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள், ரப்பர் நுனிகளைக் கழற்றிச் சவர்க்காரத்தில் கழுவி உலர்த்துங்கள். துவாரத்துக்கு முன்னால் இருக்கும் அந்தச் சிறு மேட்டை விரலால் அமத்தும்போது சுரீரென்று நொந்தால், அல்லது காதுமடலை இழுத்தால் நொந்தால், அது குழாய்க்குள் தொற்று என்பதற்கான அடையாளம். அன்றே இயர்பட்டை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள், பஞ்சுக் குச்சி போட்டுக் கிண்ட வேண்டாம்.