"அக்கவுண்ட்ல கட் ஆயிடுச்சு, பீஸ் ஏறல": ஸ்கூல் ஆபீஸுக்கு மெயில் போடுறதுக்கு முன்னாடி

ஒரு ஸ்கூல்ல அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். டெர்ம் பீஸ் கடைசித் தேதி முடிஞ்ச மறுநாள் காலையில ஆபீஸ் மெயிலத் திறந்தா வரிசையா ஒரே மாதிரி மெயில். சப்ஜெக்ட்ல "பீஸ்"னு ஒரு வார்த்தை, உள்ள "பணம் கட்டியாச்சு, ஸ்கிரீன்ஷாட் இணைச்சிருக்கேன், அப்டேட் பண்ணுங்க". குழந்தை எந்த கிளாஸ், எந்த செக்‌ஷன், எதுவும் இருக்காது. ஸ்கிரீன்ஷாட்டைத் திறந்தா பச்சை டிக்கும் தொகையும் மட்டும் தெரியும், எனக்கு வேண்டிய நம்பர் கீழே இருந்திருக்கும், அதை வெட்டிட்டு அனுப்பியிருப்பாங்க. போன டெர்ம்ல ஒரு அம்மா இதே மாதிரி நாலு மெயில் போட்டு, கடைசில நேர்லயே வந்து அழுற நிலைமைக்கு வந்துட்டாங்க. அதுக்கப்புறம்தான் இதை எழுதியே ஆகணும்னு தோணுச்சு.

அவங்களுக்கு நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு ஸ்கூலோட பீஸ் பேஜ்ல போய் 18,500 ரூபாய் யுபிஐல கட்டியிருக்காங்க. கட்டினது தாத்தாவோட போன்லருந்து, தாத்தாவோட பேங்க் அக்கவுண்ட். பேங்க்லருந்து டெபிட் ஆன எஸ்எம்எஸ் வந்துடுச்சு, ஆனா பீஸ் பேஜ் சுத்திக்கிட்டே இருந்திருக்கு, அஞ்சு நிமிஷம் பாத்துட்டு மூடிட்டாங்க. காலையில பாத்தா "பாக்கி 18,500"ன்னே காட்டுது. அந்த எஸ்எம்எஸ்ஸைப் போட்டோ எடுத்து அனுப்பிட்டு, "உங்க அக்கவுண்ட்டுக்குத்தானே வந்திருக்கு, பாருங்க"ன்னு எழுதியிருந்தாங்க.

இங்கதான் எல்லாரும் தப்பா நினைக்கிறாங்க, தயவுசெஞ்சு நிதானமா படிங்க. டெபிட் எஸ்எம்எஸ் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், உங்க அக்கவுண்ட்ல இருந்து பணம் கிளம்பிடுச்சு. ஸ்கூலுக்கு வந்து சேந்துச்சான்னு அது சொல்லாது, சொல்லவும் முடியாது. நடுவுல பேமென்ட் கேட்வேன்னு ஒரு கம்பெனி இருக்கு. உங்க பணம் முதல்ல அவங்ககிட்டதான் போகுது, அவங்க அன்னைக்கு எல்லா பேரண்ட்ஸும் கட்டினதை மொத்தமா சேத்து, அடுத்த ஒண்ணு ரெண்டு வேலை நாள்ல ஒரே தொகையா ஸ்கூல் அக்கவுண்ட்ல போடுவாங்க. அதனால எங்க பேங்க் ஸ்டேட்மென்ட்ல நான் எவ்வளவு தேடினாலும் 18,500ன்னு ஒரு வரி இருக்கவே இருக்காது, உங்க குழந்தை பேரும் இருக்காது, தாத்தா பேரும் இருக்காது. "நீங்க சரியா பாக்கல"ன்னு கோவப்படுறீங்க, நான் பாக்குற இடத்துல அது இல்லவே இல்ல. தேட வேண்டிய இடம் கேட்வேயோட கணக்கு. அதுல தேட எனக்கு ஒரு நம்பர் வேணும்.

அந்த நம்பர்தான் யுபிஐல வர்ற 12 இலக்க ரெஃபரன்ஸ். போன்பேல அது UTR-ன்னு இருக்கும், கூகுள் பேல UPI transaction ID-ன்னு இருக்கும். இதுலயும் ஒரு குழப்பம் வரும், ரெண்டு ஆப்லயும் பக்கத்துலயே அவங்களோட சொந்த நம்பர் ஒண்ணு எழுத்தும் எண்ணுமா நீளமா இருக்கும், அது எங்களுக்கு உதவாது. எழுத்தே இல்லாம வெறும் 12 எண் இருக்கிறதுதான் வேணும். (எங்க வேலையில ஒரு பழக்கம் சொல்றேன், அந்த 12ல முதல் எண் பெரும்பாலும் வருஷத்தோட கடைசி எண், அடுத்த மூணு அந்த வருஷத்தோட எத்தனாவது நாள்ங்கிறது. 2025 அக்டோபர் 10ன்னா 5283ன்னு ஆரம்பிக்கும். போலி ஸ்கிரீன்ஷாட் வரும்போது முதல்ல இதைத்தான் பாப்போம்.)

அந்த அம்மாகிட்ட தாத்தா போனை வாங்கி, ஹிஸ்டரிக்குள்ள போய் அந்த 12 எண்ணைப் படிக்கச் சொன்னேன். கேட்வேல போட்டதும் வந்துடுச்சு. முதல்ல தோல்வின்னு பதிவாகி, கொஞ்ச நேரம் கழிச்சு பேங்க் சக்ஸஸ்னு சொல்லியிருக்கு. அந்த லேட்டான தகவல் எங்க பீஸ் சாஃப்ட்வேருக்கு வரவே இல்ல. அன்னைக்கே ரசீது போட்டுக் கொடுத்துட்டோம். முதல் மெயில்லயே அந்த நம்பர் இருந்திருந்தா அவங்க வீட்டைவிட்டே கிளம்ப வேண்டியிருந்திருக்காது.

அதனால மெயில் இப்படி இருந்தா போதும்:

> சப்ஜெக்ட்: பீஸ் டெபிட் ஆகி பதிவாகல, அட்மிஷன் எண் ____, 6 பி
>
> வணக்கம். என் மகளோட இரண்டாம் டெர்ம் பீஸ் 18,500 ரூபாய், 10.10.2025 ராத்திரி 9.45க்கு ஸ்கூல் பீஸ் பேஜ் வழியா யுபிஐல கட்டினேன். கட்டினது அவளோட தாத்தா அக்கவுண்ட்லருந்து. ரெஃபரன்ஸ் எண்: 12 இலக்கம். பேஜ்ல இன்னும் பாக்கின்னு காட்டுது. பணம் இதுவரைக்கும் திரும்பி வரல. முழு ஸ்கிரீன்ஷாட்டும் ஸ்டேட்மென்ட்ல அந்த வரியும் இணைச்சிருக்கேன். சரிபாத்து ரசீது அனுப்புங்க.

பேரைவிட அட்மிஷன் எண் முக்கியம், ஒரே பேர்ல ஒரே கிளாஸ்லயே ரெண்டு பிள்ளைங்க இருப்பாங்க. நம்பரை மெயில்ல டைப் பண்ணுங்க, படத்துல இருந்து பாத்து அடிக்கும்போது 3ம் 8ம் மாறிடும். பேஜ் வழியா கட்டாம ஸ்கூல் அக்கவுண்ட்டுக்கு நேரா நெஃப்ட் போட்டிருந்தா அதையும் எழுதுங்க, அதோட யுடிஆர் எழுத்தும் எண்ணும் கலந்து 16 இருக்கும், அதை எங்க ஸ்டேட்மென்ட்லயே தேடணும், வழியே வேற. "பணம் இதுவரைக்கும் திரும்பி வரல"ங்கிற வரியை எழுதுறதுக்கு முன்னாடி நிஜமாவே பாத்துட்டு எழுதுங்க, அதுவும் கட்டின அக்கவுண்ட்ல பாருங்க. தாத்தா அக்கவுண்ட்ல கட்டிட்டு அம்மா அக்கவுண்ட்ல ரீஃபண்ட் தேடுறது அடிக்கடி நடக்குது.

ரீஃபண்ட் பத்தி சொல்லிடுறேன். உங்ககிட்ட டெபிட் ஆகி, வாங்குற இடத்துக்கு கன்ஃபர்மேஷன் போகலைன்னா, பணம் கட்டின நாள்லருந்து 5 நாளுக்குள்ள தானா திரும்பணும்னு ரிசர்வ் பேங்க் 2019லயே சொல்லியிருக்கு. அதுக்கு மேல லேட் ஆனா நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்குக் கொடுக்கணும், நீங்க கேக்கலைன்னாலும். அதனால பேஜ் சுத்துதுன்னு அடுத்த நிமிஷமே திரும்பக் கட்டாதீங்க! ரெண்டும் சக்ஸஸ் ஆயிட்டா ஒண்ணைத் திருப்பி வாங்க கரஸ்பாண்டென்ட் கையெழுத்து வரைக்கும் போகணும். கடைசித் தேதின்னு பயமா இருந்தா அன்னைக்கு ராத்திரியே மெயில் போட்டு வையுங்க, மெயில் வந்த நேரம் எங்ககிட்ட இருக்கும், அதை வெச்சு ஃபைன் போடாம இருக்கச் சொல்லி நானே மேல பேச முடியும்.

அப்புறம் ப்ரூஃப்னு சொல்லி ஆறு மாச ஸ்டேட்மென்ட்டை முழுசா அனுப்பாதீங்க. உங்க சம்பளமும் கடனும் நாங்க பாக்க வேண்டியதில்ல. அந்த ஒரு வரி தெரிஞ்சா போதும், அக்கவுண்ட் நம்பர்ல கடைசி நாலு எண் விட்டுட்டு மீதியை மறைச்சிடுங்க. ஸ்கூல்ல இருந்து யாரும் உங்க ஓடிபியோ பின்னோ கேக்க மாட்டாங்க. கூகுள்ல கஸ்டமர் கேர் நம்பர் தேடி எடுத்து கூப்பிடாதீங்க, "ரீஃபண்ட் தர்றேன், இந்த ரிக்வெஸ்ட்டை ஓகே பண்ணுங்க"ன்னு சொல்றவன் உங்க அக்கவுண்ட்லருந்து எடுக்கிறவன். பணம் வாங்குறதுக்கு பின் போடவே தேவையில்ல.

5 நாள் தாண்டியும் பணம் திரும்பல, நாங்களும் கேட்வேல வரலைன்னு பதில் போட்டுட்டோம்னா, எங்க பதில் மெயிலையும் சேத்து உங்க பேங்க்ல எழுத்துல புகார் கொடுங்க. 30 நாள்ல பேங்க் பதில் சொல்லலைன்னா, இல்ல சொன்ன பதில் சரியில்லைன்னா, cms.rbi.org.in-ல ரிசர்வ் பேங்கோட புகார் விசாரிக்கிற ஓம்புட்ஸ்மேனுக்குப் போகலாம், அதுக்குக் கட்டணம் கிடையாது. ஒவ்வொரு தடவையும் புது மெயில் போடாம முதல் மெயிலுக்கே ரிப்ளை போட்டுக்கிட்டே வாங்க, அங்க கேக்கும்போது தேதியோட மொத்தமும் ஒரே இடத்துல இருக்கும்.