ஊழியர் தகவல் அறிவிப்பு: முதலில் ஒரு சான்றிதழைப் பின்தொடருங்கள்

ஊழியர்களின் தகவலை எப்படிக் கையாளுகிறோம் என்று அவர்களுக்குச் சொல்ல, சிறு நிறுவனங்கள் தயாரித்துச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் தரும் தனியுரிமை அறிவிப்புகளில் பல, இணையத்தில் எடுத்த மாதிரிப் படிவங்கள். வாடிக்கையாளருக்காக எழுதப்பட்டவை என்பதால் குக்கீ பற்றி நீளமாகப் பேசும். சம்பளச் சீட்டு பற்றி ஒரு சொல்லும் இருக்காது. அவற்றைத் திருத்துவதைவிட ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு மருத்துவச் சான்றிதழ் எங்கெல்லாம் போகிறது என்று பார்ப்பது பயன் தரும்.

இருபது பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். விடுப்பில் இருக்கும் ஊழியர் சான்றிதழைப் படம் பிடித்து மேற்பார்வையாளரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறார். அவர் அதை அலுவலக மின்னஞ்சலுக்குத் தள்ளிவிடுகிறார். நிர்வாகப் பிரிவில் அச்செடுத்துக் கோப்பில் சேர்க்கிறார்கள். சம்பளக் கணக்கை வெளியிலிருந்து பார்க்கும் கணக்கருக்கும் அது இணைப்பாகப் போகிறது. கணக்கருக்கு வேண்டியது விடுப்பு நாட்களின் எண்ணிக்கை மட்டுமே. நோயின் பெயரோ இப்போது நான்கு இடங்களில் இருக்கிறது. அதில் ஒன்று மேற்பார்வையாளரின் சொந்தக் கைப்பேசி. அவர் வேலையை விட்டுப் போனால் படமும் அவரோடு போகும்.

இந்த நிலையில் "உங்கள் தகவல்கள் பாதுகாப்பாக உள்ளன" என்று எழுதுவது பொய். முதலில் பாதையைச் சுருக்க வேண்டும். பிறகு அறிவிப்பில் இப்படி எழுதலாம்: "மருத்துவச் சான்றிதழை நிர்வாகப் பொறுப்பாளரிடம் மட்டும் கொடுங்கள். விடுப்பை முடிவுசெய்ய அதைப் பயன்படுத்துகிறோம். கணக்கருக்கு நாட்களின் எண்ணிக்கை மட்டுமே போகும். விடுப்பு ஆண்டு முடிந்து பன்னிரண்டு மாதங்களில் அழித்துவிடுவோம்." காலத்தை உள்ளூர்ச் சட்டத்தோடு ஒப்பிட்டு மாற்றிக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு எண், வருகைப் பதிவு, வேலை கிடைக்காதவர்களின் விண்ணப்பம் என ஒவ்வொன்றுக்கும் இதே நான்கு செய்திகள் வேண்டும்: எதற்கு, யார் பார்ப்பார், யாருக்குப் போகும், எப்போது அழியும். "தேவைப்படும் வரை" என்பது கால அளவே அல்ல.

பலர் கடைசியில் "மேற்கண்டவற்றுக்குச் சம்மதிக்கிறேன்" என்று கையெழுத்து வாங்குகிறார்கள். எனக்கு இது பிடிப்பதில்லை. மறுத்தால் வேலை போய்விடுமோ என்று அஞ்சுபவர் தருவது சம்மதமாகுமா? 2018 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படியும், இருதரப்புக்கும் இடையே வலிமை ஏற்றத்தாழ்வு இருந்தால் சம்மதம் உறுதியான அடிப்படை அல்ல. மேலும், ஊழியர் சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் வரிக் கணக்கை நிறுத்திவிட முடியாது. ஆகவே உண்மையான காரணத்தையே எழுதுங்கள்: சம்பளம் தருவது ஒப்பந்தக் கடமை, வரிப் பதிவு சட்டக் கடமை. கையெழுத்து, படித்ததற்கான ஒப்புகை மட்டும். இணையதளத்தில் படம் போடுவது போல, மறுத்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாத இடங்களில் தனியாகச் சம்மதம் கேளுங்கள்.

இன்னொன்று, காப்புப் பிரதிகள். கோப்பை அழித்த அன்றே அவற்றிலிருந்து அது மறைந்துவிடாது. அவை எத்தனை நாளுக்கு ஒருமுறை மேலெழுதப்படுகின்றன என்று கணினியைப் பராமரிப்பவரிடம் கேட்டு, அந்த எண்ணையும் அறிவிப்பில் சேர்த்துவிடுங்கள்.