300 பேர் பதில் சொன்னார்கள், சரி. மீதி 900 பேர்?

இந்த வருடத்தில் இது மூன்றாவது முறை. ஒரு சிறு நகரத்தில் முதியோர் சேவைகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்திலிருந்து வந்தவர், ஆன்லைன் படிவத்தில் சேர்ந்த 300 பதில்களைக் காட்டி, "அறிக்கை மட்டும் எழுதிக் கொடுங்க சார்" என்றார். கேள்வி என்ன தெரியுமா? சேவைகளுக்கு இணையத்தில் விண்ணப்பிப்பது உங்களுக்கு எளிதாக இருக்கிறதா என்பது. 80 சதவீதம் பேர் எளிது என்று சொல்லியிருக்கிறார்கள். லிங்கைத் திறந்து, இருபது கேள்விகளைத் தாண்டி, கடைசிப் பொத்தானையும் அழுத்தி முடித்தவர்கள் வேறு என்ன சொல்வார்கள்?

நான் தயங்கியதும் வழக்கமான வாதம் வந்தது: "300 பேர் சார், சின்ன ஊருக்கு இது அதிகம்தானே?" இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, அதனால் கணக்காகவே போட்டுவிடுகிறேன் (எண்களை வசதிக்காக முழு எண்களாக்கியிருக்கிறேன்). அந்த ஊரில் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் 1,200 பேர். பதில் சொன்ன 300 பேரில் 240 பேருக்கு எளிது. மீதி 900 பேரைப் பற்றி நமக்கு எதுவுமே தெரியாது. அவர்கள் எல்லோருக்கும் கஷ்டம் என்றால் எளிது என்பவர்கள் மொத்தத்தில் 20 சதவீதம்தான், எல்லோருக்கும் எளிது என்றால் 95 சதவீதம். உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இதற்கு எதற்குக் கணக்கெடுப்பு, வீட்டிலிருந்தபடியே ஊகித்திருக்கலாமே! லிங்கை இன்னும் நான்கு குழுக்களில் போட்டு 400 ஆக்கினாலும் அதே மாதிரி ஆட்கள்தான் இன்னும் நூறு பேர் வருவார்கள்.

சரி, வேறு வழி என்ன? முதியோர் பதிவேட்டிலிருந்து குலுக்கல் முறையில் 200 பேரை எடுத்தோம். முதலில் காகிதப் படிவமும் தபால்தலை ஒட்டிய பதில் உறையும் போயின, இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல், அப்போதும் பதில் வராதவர்களுக்கு மட்டும் தொலைபேசி. படிவத்தின் அடியில் ஆன்லைன் முகவரியும் இருந்தது. காகிதத்தில் 96, தொலைபேசியில் 38, ஆன்லைனில் 6, ஆக 140 பேர். எளிது என்றவர்கள் 84 பேர், அதாவது 60 சதவீதம். பதில் தராத 60 பேரை இரண்டு பக்கமும் தள்ளிப் பார்த்தாலும் 42க்கும் 72க்கும் நடுவில்தான் நிற்கிறது. குலுக்கலால் வரும் ஏற்ற இறக்கத்துக்கு இருபுறமும் ஆறேழு புள்ளி சேர்த்துக்கொள்ளுங்கள். 300 பதிலைவிட இந்த 140 எவ்வளவோ மேல்.

அப்படியானால் எல்லாவற்றையும் தொலைபேசியிலேயே முடித்துவிடலாமே என்று அடுத்து கேட்பார்கள். பதிவேட்டில் இருக்கும் எண் பாதிப் பேருக்கு மகனுடையதோ மகளுடையதோ ஆக இருக்கும். காது மந்தமானவர்கள் பாதிக் கேள்வியிலேயே "நல்லா இருக்கேன்பா" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். ஐந்து விடைகளை வரிசையாக வாசித்தால் கடைசியாகக் காதில் விழுந்ததைச் சொல்லும் பழக்கம் உண்டு, காகிதத்திலோ மேலே இருப்பதைத் தேர்ந்தெடுப்பார்கள். அதனால் முதலில் எளிதா கஷ்டமா என்று மட்டும் கேளுங்கள், அப்புறம் கொஞ்சமா ரொம்பவா என்று கேட்கலாம். குளிக்க உதவி வேண்டுமா, தனிமையாக இருக்கிறதா போன்ற கேள்விகளை முன்பின் தெரியாத குரலிடம் ஒப்புக்கொள்ளக் கூச்சப்படுவார்கள், அவற்றுக்குக் காகிதமே நல்லது.

காகிதத்திலும் வம்பு இருக்கிறது. "இல்லை என்றால் 9ஆம் கேள்விக்குச் செல்லவும்" என்று எழுதினீர்களோ, போச்சு, நடுவில் இருப்பதையும் நிரப்புவார்கள், அல்லது அதோடு படிவத்தை மூடிவிடுவார்கள். அந்த மாதிரித் தாவல்களே வேண்டாம். எழுத்து 14 புள்ளிக்குக் குறையக் கூடாது, முடிந்தால் 16. தாளை மிச்சம் பிடிக்கிறேன் என்று எழுத்தைச் சுருக்காதீர்கள், தயவுசெய்து.

எந்த முறையானாலும், படிவத்தை யார் நிரப்பினார்கள் என்று ஒரு கேள்வி வையுங்கள்: நானே, நான் சொல்ல இன்னொருவர் எழுதினார், எனக்குப் பதிலாக இன்னொருவர் சொன்னார். பிறந்த வருடத்தையும் கேட்டுப் பதிவேட்டோடு ஒத்துப்பாருங்கள். அந்த 300 ஆன்லைன் பதில்களை நான் அப்படிப் பார்த்தபோது, பிறந்த வருடத்தில் 1980க்கு மேல் போட்டவர்களே சிலர் இருந்தார்கள். அம்மாவின் படிவத்தை நிரப்பும்போது பழக்கதோஷத்தில் தன்னுடையதை எழுதிவிட்ட பிள்ளைகளாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. ஒவ்வொரு பதிலும் எந்த வழியாக வந்தது என்பதற்கு அட்டவணையில் தனி நெடுவரிசை இல்லாமல் தரவை ஒன்றாகக் கொட்டிவிடாதீர்கள். எங்கள் 38 தொலைபேசிப் பதில்களில் "எளிது" கொஞ்சம் அதிகமாக இருந்தது. அவர்களுக்கு நிஜமாகவே எளிதா, இல்லை குரல் கேட்டதும் மரியாதைக்குச் சொன்னார்களா என்று இந்தத் தரவை வைத்துப் பிரிக்க முடியாது. அறிக்கையிலும் அதை அப்படியேதான் எழுதிக் கொடுத்தேன், வந்தவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.