விளம்பரப் படத்தில் முகத்தை மாற்றினால்: மாடல் போட்ட கையெழுத்து எதுவரை செல்லும்?

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து ஜவுளிக்கடைகள் ஓணத்துக்குக் கசவுப் புடவையில் ஒரு ஷூட் எடுப்பது வழக்கம். மாடலுக்கு ஒரு நாள் சம்பளம், ஒரு தாளில் கையெழுத்து, அதோடு வேலை முடிந்துவிடும். இப்போது அதே படத்தில் மாடலின் முகத்தை எடுத்துவிட்டு வேறொருவர் முகத்தை ஒட்டுவது பத்து நிமிட வேலை ஆகிவிட்டதால், அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. அந்தத் தாளைத்தான் தொழிலில் மாடல் ரிலீஸ் என்கிறார்கள்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். மாடலுக்கு 6,000 ரூபாய். ரிலீஸில் இருப்பது: ஓணம் விளம்பரம், கேரளாவுக்குள், ஃப்ளெக்ஸும் இன்ஸ்டாகிராமும், ஒரு வருடம், "தேவையான எடிட்டிங் செய்யலாம்". தீபாவளிக்குக் கடைக்காரர் பொள்ளாச்சிக் கிளையில் அதே படத்தைப் போடுகிறார். உடலும் புடவையும் மாடலுடையவை. முகம் மட்டும் கடைக்காரரின் உறவுக்காரப் பெண்ணுடையது. "படத்துக்குக் காசு கொடுத்தது நான், படம் என்னுடையது" என்கிறார்.

அவர் சொல்வதில் பாதி சரி. பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 17 இன்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆனால் படத்தின் உரிமை வேறு, அதில் உள்ளவரின் உருவத்தைக் காட்டிப் பொருள் விற்கும் அனுமதி வேறு. ஒருவரின் பெயரையோ உருவத்தையோ சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் 1994 இல் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் சொல்லியிருக்கிறது. ரிலீஸ் தருவது அந்த இரண்டாவது அனுமதியைத்தான்.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. முகம் போய்விட்ட பிறகு அந்தப் படத்தில் மாடலின் "உருவம்" இருக்கிறதா? பார்ப்பவர் அடையாளம் காண முடியாத அளவுக்கு மாறிவிட்டால், அந்தரங்க உரிமையை வைத்து வாதாடுவது கடினம். கையில் பச்சை குத்தியிருந்தாலோ, தழும்பு இருந்தாலோ, ஓண விளம்பரத்தில் பார்த்த அதே போஸ், அதே நகை என்று ஊர்க்காரர்கள் கண்டுபிடித்தாலோ நிலைமை மாறும். ஆனால் மாடலுக்கு உறுதியான பிடி வேறு இடத்தில் இருக்கிறது: ஒப்பந்தம். 6,000 ரூபாய் கேரளாவுக்கும் ஓணத்துக்கும் பேசியது. முகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பொள்ளாச்சியில் தீபாவளிக்கு அந்த ஷூட்டைப் பயன்படுத்தியது பேச்சை மீறியதுதான். ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 73 இன்படி இழப்பீடு கேட்கலாம். இன்னொரு மாநிலத்துக்கும் இன்னொரு பண்டிகைக்கும் பேசியிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதே கணக்கின் அடிப்படை. அதனால் ரிலீஸில் இடம், காலம், ஊடகம் மூன்றும் தெளிவாக இருப்பது மாடலுக்குத்தான் பாதுகாப்பு. "எல்லா ஊடகத்திலும், எப்போதும்" என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தப் பிடி ஏறக்குறைய கையை விட்டுப் போய்விடும்.

"தேவையான எடிட்டிங்" என்ற சொல் முகமாற்றத்தையும் உள்ளடக்குமா? நிறம் சரிசெய்வது, பரு நீக்குவது, பின்னணியை வெட்டுவது ஆகியவை அந்தச் சொல்லுக்குள் வரும். ஆளையே மாற்றுவது வரும் என்று யாரும் கையெழுத்திடும்போது நினைப்பதில்லை. ஆனால் எழுதாமல் விட்டால் இரு தரப்பும் தன் பக்கம் இழுக்கும். ஆகவே இதைத் தனி வரியாகச் சேர்க்க வேண்டும்:

"என் முகத்தை நீக்கி வேறொருவர் முகத்தை வைக்கவோ, என் முகத்தை வேறொருவர் உடலில் வைக்கவோ இந்த ஒப்புதல் இடம் தராது. அப்படிச் செய்ய வேண்டுமானால், இறுதிப் படத்தை எனக்குக் காட்டி, அந்தப் படத்துக்கு மட்டும் தனியாக எழுத்தில் ஒப்புதல் பெற்று, பேசிய தொகையைத் தர வேண்டும்."

முகமாற்றத்துக்குச் சம்மதிப்பவராக இருந்தாலும் "இறுதிப் படத்தைக் காட்டி" என்ற சொற்களை விட்டுவிடக் கூடாது. புடவைக்குச் சம்மதித்த உடல் நாளைக்கு உள்ளாடை விளம்பரத்தில் வந்து நிற்கும்.

இனி முகம் கொடுத்தவர். கடைக்காரர்கள் இவரிடம் கையெழுத்தே வாங்குவதில்லை, "நம்ம வீட்டுப் பொண்ணுதானே" என்று விட்டுவிடுகிறார்கள். சட்டப்படி இருவரில் வலுவான உரிமை இவருக்குத்தான், ஏனென்றால் ஊரார் பார்த்து அடையாளம் சொல்வது இவரைத்தான். இவருக்குத் தனி ரிலீஸ் வேண்டும். அதில் "என் முகம், வேறொருவரின் உடலில், இந்த உடையில், இந்தப் பொருளுக்கு" என்று எழுதி, இறுதிப் படத்தின் அச்சுப் பிரதியை இணைத்து, அதன்மேலும் கையெழுத்து வாங்குவது நல்லது. 18 வயது நிறையாதவரின் கையெழுத்து ஒப்பந்தமாகாது, பெற்றோரோ காப்பாளரோ ஒப்புதல் தர வேண்டும்.

இந்தச் சம்மதம் இல்லாமல் சமூக வலைத்தளத்தில் படம் வந்துவிட்டால், முகத்துக்குரியவருக்குத் தகவல் தொழில்நுட்ப விதிகள், 2021, விதி 3(2)(b) உதவும். மார்ஃப் செய்த படத்தால் ஆள்மாறாட்டம் என்று வலைத்தளத்தின் குறைதீர் அலுவலரிடம் புகார் செய்தால், 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அந்த விதி சொன்னது. 2026 பிப்ரவரித் திருத்தம் அந்த நேரத்தை இன்னும் குறைத்திருக்கிறது. முகம் நீக்கப்பட்ட மாடலுக்கு இந்த வழி பெரும்பாலும் பொருந்தாது. படத்தில் இருப்பது அவர் முகம் அல்லவே. அவர் போக வேண்டியது ஒப்பந்த மீறல் நோட்டீஸ் வழி.

மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 இன் முக்கியக் கடமைகள், 2025 நவம்பரில் விதிகள் வெளியானதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். அதன்பின் படம் போன்ற தனிநபர் தரவுக்கான சம்மதம் எந்தக் காரியத்துக்கு என்று குறிப்பாகக் கேட்கப்பட வேண்டும், அறிவிப்பைத் தமிழிலும் படிக்கும் வாய்ப்பு தர வேண்டும், கொடுத்த அளவு எளிதாகச் சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். திரும்பப் பெறுவதற்கு முன் செய்த பயன்பாடு சட்டவிரோதமாகிவிடாது.

பிரச்சினை வந்தால் முதல் வேலை சான்று. ஃப்ளெக்ஸைப் பக்கத்துக் கடையோ மைல்கல்லோ தெரியும்படி படம் எடுங்கள். பதிவின் முழு முகவரி, தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மூலக் கோப்பைப் போனிலிருந்து அழிக்காதீர்கள். பாரதிய சாக்‌ஷ்ய அதினியம், 2023, பிரிவு 63 இன்படி மின்னணுச் சான்றோடு சான்றிதழ் தர வேண்டியிருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு நிற்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆள்மாறாட்டமோ ஆபாசமோ கலந்திருந்தால் cybercrime.gov.in தளத்தில் புகார் பதியலாம். நோட்டீஸ் அனுப்ப வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால், பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு (சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987, பிரிவு 12). பாலக்காடு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்திலோ, 15100 என்ற எண்ணிலோ கேட்கலாம்.

கையெழுத்திடும் முன் கடைசிப் பத்தியைப் பாருங்கள். கோயம்புத்தூர் ஏஜென்சிகளின் தாளில் "கோயம்புத்தூர் நீதிமன்றங்களுக்கு மட்டும்" என்று இருக்கும். கொழிஞ்சாம்பாறையில் இருப்பவர் 6,000 ரூபாய் விவகாரத்துக்கு மாநில எல்லை தாண்டி வாய்தாவுக்கு அலைய வேண்டிவரும். அந்த வரியை அடித்துவிட்டு, இரு தரப்பும் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டு, பிரதி ஒன்றை அன்றே கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.